வரவேண்டிய பணமும் வங்கி தரும் முன்பணமும்



ரெம்பாவ், பெடாஸ், செம்போங் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் எல்லாருமே சம்பளக்காரர்கள். இன்று அதே வீடுகளில் ஒரு பிள்ளை லாரி வைத்திருக்கிறார்; இன்னொருவர் களையெடுப்பு, உரம் போடுதல் என்று குத்தகை எடுத்துச் செய்கிறார். சம்பளக்காரருக்கு மாத முடிவில் பணம் வந்துவிடும். குத்தகைக்காரருக்கு அப்படி இல்லை. வேலையை முடித்து பில் கொடுத்தால், "அறுபது நாள் கழித்து வாருங்கள்" என்பார்கள். ஆனால் டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் அறுபது நாள் தவணை கிடையாது. கையில் காசில்லை, ஆனால் வரவேண்டிய பணம் இருக்கிறது. அந்த வரவேண்டிய பணத்தைக் காட்டி இன்றே பணம் வாங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மாற்றுச் சீட்டை வங்கியில் வட்டம் கழித்து மாற்றுவது. மற்றொன்று பேக்டரிங். இந்த இரண்டையும், அவற்றைக் கணக்குப் புத்தகத்தில் எழுதும் விதத்தையும் இன்று பார்ப்போம்.

முதலில் மாற்றுச் சீட்டு. நம் பெரியவர்கள் இதை உண்டியல் என்பார்கள். மலாயாவில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்த நகரத்தார்கள் உண்டியலில் கைதேர்ந்தவர்கள். காட்டியவுடன் பணம் தரவேண்டியது தரிசன உண்டியல். இத்தனை நாள் கழித்துத் தரவேண்டியது தவணை உண்டியல். இப்போது சிலர் ஊருக்குக் கள்ளத்தனமாகப் பணம் அனுப்புவதை உண்டியல் என்கிறார்களே, அது வேறு. நாம் பேசுவது சட்டப்படியான சீட்டு. மலேசியாவில் இதற்கென்று 1949-ஆம் ஆண்டின் மாற்றுச் சீட்டுச் சட்டம் இருக்கிறது.

ரப்பர் பிழைப்புக்கும் இந்தச் சீட்டுக்கும் பழைய உறவு உண்டு. ரப்பரைக் கப்பலில் ஏற்றிய வியாபாரி, அது லண்டன் போய்ச் சேர்ந்து பணம் வரும்வரை காத்திருக்க முடியாது. வாங்குபவர் பேரில் தவணைச் சீட்டு எழுதி, கப்பல் சரக்குப் பத்திரத்தோடு வங்கியில் கொடுத்து, ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை உடனே வாங்கிக்கொள்வார். சரக்கு கடலில் இருக்கும்போதே பணம் கையில் இருக்கும். பின்னர் 1979-இல் பேங்க் நெகாரா, வங்கியே ஏற்றுக்கொண்டு கையெழுத்திடும் சீட்டு முறையையும் நம் நாட்டில் கொண்டுவந்தது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். விளக்கத்துக்காக நான் அமைத்த கணக்கு இது. வட்டி விகிதமும் கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும்.

நம் லாரிக்காரர் ஒருவர், செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்கிறார். ஒரு குலை வியாபாரி அவருக்கு 10,000 வெள்ளி வாடகை தரவேண்டும். லாரிக்காரர் 90 நாள் தவணையில் ஒரு சீட்டு எழுதுகிறார். வியாபாரி அதன் முகப்பில் "ஏற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகுதான் சீட்டுக்கு உயிர். வெறும் பில்லில், "நான் தரவேண்டும்" என்று வாங்கியவர் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் இல்லை. ஏற்றுக்கொண்ட சீட்டில் அது இருக்கிறது.

17 நாள் கழித்து லாரிக்காரருக்குப் பணமுடை. சீட்டின் பின்புறம் கையெழுத்திட்டு வங்கியில் கொடுக்கிறார். தவணைக்கு இன்னும் 73 நாள் இருக்கிறது. வங்கி ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டம் கழிக்கிறது. 73 நாள் என்பது 365 நாளில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. 10,000-க்கு ஓர் ஆண்டு வட்டம் 800 வெள்ளி. அதில் ஐந்தில் ஒன்று 160 வெள்ளி. அத்துடன் வங்கிக் கட்டணம் 20 வெள்ளி. ஆகவே கைக்கு வருவது 9,820 வெள்ளி. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வட்டம் மீதி நாளுக்குத்தான். 90 நாளுக்குக் கழித்திருந்தால், "ஏன்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இதைப் புத்தகத்தில் எப்படி எழுதுவது? பற்று, வரவு என்று இரண்டு பக்கம் இருக்கிறது. கைக்கு வந்த பணமும், ஆன செலவும், நமக்கு வரவேண்டியதும் பற்றுப் பக்கம். வந்த வருமானமும், நாம் பிறருக்குத் தரவேண்டியதும் வரவுப் பக்கம். இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும். இப்போது எழுதுவோம்.

வங்கி இருப்பு: பற்று 9,820
வட்டச் செலவு: பற்று 160
வங்கிக் கட்டணம்: பற்று 20
வங்கி முன்பணம்: வரவு 10,000

கடைசி வரிதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி. சீட்டை வங்கியிடம் கொடுத்தாயிற்று, பணமும் வந்தாயிற்று, ஆகவே வியாபாரியின் கடன் தீர்ந்தது என்று பலர் அந்த 10,000-ஐப் புத்தகத்திலிருந்து அடித்துவிடுகிறார்கள். பழைய கணக்குப் பாடநூல்களிலும் சீட்டை அப்போதே நீக்கிவிட்டு, அடிக்குறிப்பாக மட்டும் பொறுப்பைக் காட்டும் வழக்கம் இருந்தது. ஆனால் நீங்கள் சீட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வியாபாரி தராவிட்டால் வங்கி உங்களிடம்தான் வரும். ஆபத்து இன்னும் உங்கள் தலையில் இருக்கிறது. அதனால் வியாபாரியிடமிருந்து வரவேண்டிய 10,000 புத்தகத்தில் அப்படியே நிற்கவேண்டும். வங்கியிடம் பட்ட 10,000 தனியாகக் கடனாக நிற்கவேண்டும். தவணை நாளில் வியாபாரி வங்கிக்குப் பணம் கட்டியதும், வங்கி முன்பணத்தில் 10,000 பற்று, மாற்றுச் சீட்டில் 10,000 வரவு என்று எழுதி இரண்டையும் ஒரே நாளில் தீர்க்கலாம்.

இடையில் ஆண்டு முடிந்தால் ஒரு சிறு வேலை இருக்கிறது. டிசம்பர் 31-இல் தவணையில் பாதி நாள்தான் ஓடியிருக்கிறது என்றால், 160-இல் 80 வெள்ளிதான் இந்த ஆண்டுச் செலவு. மற்ற 80 முன்கூட்டிக் கொடுத்தது. அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவேண்டும்.

அடுத்து பேக்டரிங். எல்லா வியாபாரிகளும் சீட்டில் கையெழுத்துப் போடமாட்டார்கள். பெரிய கம்பெனிகள் பில்லைத்தான் வாங்கிக்கொள்கின்றன. அப்போது அந்தப் பில்லையே வங்கிக்கோ பேக்டரிங் நிறுவனத்துக்கோ எழுதிக் கொடுக்கலாம். நிறுவனம் பில் தொகையில் ஒரு பங்கை முன்பணமாகத் தரும். வாங்கியவரிடமிருந்து முழுத்தொகையையும் அதுவே வசூலிக்கும். தன் முன்பணத்தையும் வட்டியையும் எடுத்துக்கொண்டு மீதியை நமக்குத் தரும்.

நம் லாரிக்காரர் ஓர் ஆலைக்கு 20,000 வெள்ளிக்கு பில் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் நூற்றுக்கு 80 வீதம் 16,000 வெள்ளி முன்பணம் தர ஒப்புக்கொள்கிறது. சேவைக் கட்டணம் பில் தொகையில் 1 விழுக்காடு, அதாவது 200 வெள்ளி. அதை முதலிலேயே பிடித்துக்கொள்கிறது. முன்பணத்துக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி, அது கடைசியில். ஆகவே முதல் நாள் கைக்கு வருவது 15,800 வெள்ளி.

ஆலை 60 நாளில் தருவதாகச் சொன்னது. தந்ததோ 73-ஆம் நாள். இதில் ஆச்சரியம் இல்லை; தாமதத்துக்கும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும். 16,000-க்கு ஓர் ஆண்டு வட்டி 1,440 வெள்ளி. ஐந்தில் ஒன்று 288 வெள்ளி. ஆலை கட்டிய 20,000-இல் நிறுவனம் 16,000-ஐயும் 288-ஐயும் எடுத்துக்கொண்டு 3,712 வெள்ளியைத் திருப்பித் தருகிறது.

புத்தகத்தில் மூன்று நாள் எழுதவேண்டும். பில் கொடுத்த நாளில்:

ஆலை கணக்கு: பற்று 20,000
லாரி வாடகை வருமானம்: வரவு 20,000

முன்பணம் வந்த நாளில்:

வங்கி இருப்பு: பற்று 15,800
சேவைக் கட்டணம்: பற்று 200
பேக்டரிங் முன்பணம்: வரவு 16,000

ஆலை பணம் கட்டிய நாளில்:

பேக்டரிங் முன்பணம்: பற்று 16,000
வட்டிச் செலவு: பற்று 288
வங்கி இருப்பு: பற்று 3,712
ஆலை கணக்கு: வரவு 20,000

நம் வீடுகளில் நடக்கும் தவறு பெரும்பாலும் இரண்டாவது நாளில்தான். பேங்க் புத்தகத்தில் 15,800 வந்திருப்பதைப் பார்த்து அதையும் வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு 3,712 வந்ததும் அதையும் வருமானத்தில் சேர்த்துவிடுகிறார்கள். பில் போட்ட நாளில் 20,000 ஏற்கெனவே வருமானமாக ஏறிவிட்டது. ஒரே வேலைக்கு இரண்டு முறை வருமானம் காட்டினால், இல்லாத லாபத்துக்கு வருமான வரி கட்டவேண்டியிருக்கும். அதே நேரத்தில் 200-ம் 288-ம் செலவாக எழுதப்படாமல் போயிருக்கும். இந்தத் தவறைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மாதந்தோறும் நிறுவனம் அனுப்பும் கணக்குச் சீட்டில் நிற்கும் முன்பணமும், உங்கள் புத்தகத்தில் பேக்டரிங் முன்பணம் என்று நிற்கும் தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எங்கோ ஒரு வரி தப்பியிருக்கிறது.

சரி, இந்தப் பணத்துக்கு உண்மையில் என்ன விலை கொடுத்தார்? 9 விழுக்காடு என்றார்கள். ஆனால் கட்டணமும் வட்டியும் சேர்ந்து 488 வெள்ளி. அவர் கையில் புழங்கிய பணம் 15,800. 73 நாளுக்கு இது நூற்றுக்கு மூன்று வெள்ளிக்குச் சற்று அதிகம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 15½ விழுக்காடு. ஏமாற்று ஒன்றும் இல்லை. சேவைக் கட்டணம் முழு 20,000-க்கும் போடப்படுகிறது. பணமோ 15,800-தான் வருகிறது. வித்தியாசம் அங்கே இருக்கிறது. ஆகவே வட்டி எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. "கடைசியில் மொத்தம் எத்தனை வெள்ளி எனக்குக் குறையும்?" என்று கேட்டு, அந்தத் தொகையை வேலையின் லாபத்தோடு ஒப்பிடவேண்டும். இந்த 20,000 வெள்ளி வேலையில் டீசல், கூலி, டயர் எல்லாம் போக 2,000 வெள்ளி மிஞ்சுமானால், 488 என்பது லாபத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. இந்த முன்பணத்தால் லாரி நிற்காமல் ஓடி இன்னொரு வேலை கிடைக்கிறது என்றால் அது தகும். பழைய கடனை அடைக்க மட்டும் வாங்கினால், ஒவ்வொரு பில்லிலும் கால் பங்கு லாபம் போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். ஆலை பணமே தராவிட்டால் என்ன ஆகும்?

ஒப்பந்தம் இரண்டு வகை. முதல் வகையில், குறிப்பிட்ட நாளுக்குள் பணம் வராவிட்டால் நிறுவனம் நம்மிடம் திரும்பி வந்து முன்பணத்தையும் வட்டியையும் கேட்கும். நாம் கட்டும்போது பேக்டரிங் முன்பணத்தில் 16,000 பற்று, வட்டிச் செலவு பற்று, வங்கி இருப்பில் வரவு என்று எழுதுவோம். ஆலை கணக்கில் 20,000 இன்னும் நிற்கும். அதை அடிக்காமல் வைத்திருந்ததன் பயன் இப்போது தெரிகிறது: யாரிடம் இன்னும் கேட்கவேண்டும் என்பதைப் புத்தகமே சொல்கிறது.

மாற்றுச் சீட்டிலும் இதே கதைதான். தவணை நாளில் வியாபாரி பணம் தர மறுத்தால், வங்கி உங்கள் கணக்கிலிருந்து 10,000-ஐப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சட்டம் உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு தருகிறது. சீட்டு திரும்பிவிட்டது என்று உரிய காலத்தில் உங்களுக்கு அறிவிப்பு வரவேண்டும். பொதுவாக, அந்த அறிவிப்பு தராவிட்டால் எழுதியவரின் பொறுப்பு நீங்கிவிடும். ஆகவே அந்தக் கடிதத்தின் தேதியையும், அது உங்கள் கைக்கு வந்த தேதியையும் குறித்து வையுங்கள். வீடு மாறினால் வங்கிக்கு முகவரியைத் தெரிவியுங்கள்.

இரண்டாவது வகை ஒப்பந்தத்தில், வாங்கியவர் நொடித்துப் போனால் நட்டம் நிறுவனத்தைச் சேரும். அதற்குக் கட்டணம் கூடுதல். அந்த ஆபத்து உண்மையிலேயே கை மாறிவிட்டால் புத்தகத்திலும் ஆலை கணக்கை நீக்கலாம். ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஆலையிடம் பணம் இருக்கிறது, ஆனால் "எடை குறைந்தது, குலை வழியில் சிந்திவிட்டது" என்று சொல்லித் தர மறுக்கிறது என்று வையுங்கள். இது நொடிப்பு அல்ல, தகராறு. தகராறு என்றால் எந்த வகை ஒப்பந்தமாக இருந்தாலும் பொதுவாக அது உங்கள் தலையில்தான் திரும்பி விழும். ஆகவே ஏற்றும்போதும் இறக்கும்போதும் வாங்கிய எடைச் சீட்டு, சரக்கை ஒப்புக்கொண்ட கையெழுத்து, லாரி எண், தேதி இவற்றை பில்லோடு பின்குத்தி வையுங்கள். டிரைவர் கால்சட்டைப் பையில் கசங்கிக் கிடக்கும் அந்த எடைச் சீட்டுதான் 20,000 வெள்ளிக்குச் சாட்சி.

இன்னொரு விஷயம். பில்லை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. ஆலைக்கும் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம், கடனை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்கவேண்டும், கடன்பட்டவருக்கு எழுத்தில் அறிவிப்புப் போகவேண்டும் என்கிறது. அறிவிப்புக் கிடைத்தபிறகு ஆலை பழையபடி உங்களிடமே பணம் தந்தால், நிறுவனத்துக்குத் தரவேண்டிய கடன் தீராது. கணக்காளர் மாறிவிட்டார், பழக்கதோஷம் என்று ஆலை உங்கள் கணக்கிலேயே பணத்தைப் போட்டுவிடுவதும் உண்டு. அது உங்கள் பணம் அல்ல. அன்றே நிறுவனத்துக்குத் தெரிவித்துக் கட்டிவிடவேண்டும். அதைச் செலவழிப்பதும், ஒரே பில்லை இரண்டு இடத்தில் கொடுத்து முன்பணம் வாங்குவதும் மோசடிக் குற்றத்தில் கொண்டுபோய் விடும். சில கம்பெனிகள் தங்கள் ஒப்பந்தத்திலேயே, "இந்தப் பில்லை வேறு யாருக்கும் மாற்றக்கூடாது" என்று எழுதியிருக்கும். நிறுவனத்திடம் போகுமுன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சம்பளக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. யாராவது வந்து, "உங்கள் அடுத்த மாதச் சம்பளத்தை முன்னாலேயே தருகிறேன், நூற்றுக்கு இவ்வளவு கழித்துக்கொள்கிறேன்" என்றால், அவர் வட்டம் என்றோ பேக்டரிங் என்றோ பெயர் சொன்னாலும் அது அது அல்ல. அது வட்டிக்கடன். 1951-ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டப்படி அதற்கு லைசென்ஸ் வேண்டும். ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. மாதத்துக்கு நூற்றுக்கு 10 என்று கேட்பவர் ஆண்டுக்கு 120 கேட்கிறார். கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள்.

ஆகவே, பில்லை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகும் தம்பி தங்கைகளிடம் வீட்டில் இருப்பவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியில் மொத்தம் எத்தனை வெள்ளி குறையும்? வாங்கியவர் தராவிட்டால் யார் தலையில் விழும்? எடைச் சீட்டும் கையெழுத்தும் பத்திரமாக இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தபிறகு கையெழுத்துப் போடட்டும். வாங்கிய முன்பணம் வருமானம் அல்ல, ஆலை பணம் கட்டும்வரை அது கடன் என்பதை, புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும்.